சமையல் அக்கா 9,500 கேட்கிறாங்க. எவ்வளவு ஏத்துறது நியாயம்?

மாலதி_மடிப்பாக்கம்:

எங்க வீட்டுல சமைக்கிற அக்கா 2022 ஜூன்ல சேர்ந்தாங்க, அப்ப சம்பளம் 6,000. ஒவ்வொரு ஜூனும் 500 ஏத்தி இப்ப 7,000. போன வாரம் கிளம்பும்போது வாசல்ல நின்னு "இந்த மாசத்துலேர்ந்து 9,500 ஆக்கிக் குடும்மா"ன்னு கேட்டாங்க. ஒரேயடியா 2,500.

வீட்டுக்காரர் "எனக்கே ஆபீஸ்ல 8 பெர்சென்ட்தான் போட்டாங்க, 10 பெர்சென்ட் போட்டு 7,700 குடு, போதும்"ங்கிறார். மாமியார் வேற ஆள் பார்க்கச் சொல்றாங்க. எனக்கு ரெண்டுலயும் மனசு இல்ல.

குறைகளும் இருக்கு. போன ஜூன்லேர்ந்து ஞாயிறும், மே மாசம் நாங்க ஊருக்குப் போன நாளும் தவிர 31 நாள் லீவு. உப்பு ஒரு நாள் மாதிரி ஒரு நாள் இருக்காது. எண்ணெய் மாசம் 4 லிட்டர் ஆகுது. நல்லதையும் சொல்லணும்: வர்ற நாள்ல 6.30-க்கு டாண்ணு வந்துடுவாங்க, பையன் லஞ்ச் டப்பா காலியாத்தான் திரும்பி வருது. ஜனவரியில அவங்க பொண்ணு காலேஜ் ஃபீஸுக்கு 20,000 அட்வான்ஸ் குடுத்தோம், மாசம் 1,000 பிடிக்கிறோம்.

இதையெல்லாம் வெச்சு ஒரு தொகைக்கு எப்படி வர்றது? நீங்கள்லாம் எப்படிப் பண்றீங்க?

பத்மா_நங்கநல்லூர்:

ரொம்ப யோசிக்காதீங்கோ. வருஷத்துக்கு 10 பெர்சென்ட், தீபாவளிக்கு ஒரு மாசச் சம்பளம், ஒரு புடவை. இருபது வருஷமா எங்காத்துல இதான் வழக்கம். அவாளுக்கும் தெரியும், நமக்கும் தெரியும், கேள்வியே கிடையாது. இஷ்டத்துக்கு 500 போட்டதாலதான் இப்ப அவ 2,500 கேக்கறா.

முருகன்82:

மேடவாக்கத்துல 5,000-க்கு சமைக்கிற அம்மா இருக்காங்க. ரெண்டு பேருக்கு. நம்பர் வேணும்னா தனிச்செய்தி அனுப்புங்க.

மாலதி_மடிப்பாக்கம்:

சார், நான் ஆள் தேடல. இருக்கிறவங்களுக்கு எவ்வளவு ஏத்தணும்னு கேட்டேன்.

அம்பத்தூர்_ரங்கன்:

மாலதி அம்மா, அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையின் பணியாளர் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். தொழிற்சங்கத்தோடு உட்கார்ந்து கூலி ஒப்பந்தம் பேசியது பல வருஷம். அந்தப் பழக்கத்தில் ஒன்று கேட்கிறேன்.

அவர் சேர்ந்த அன்று என்ன வேலைக்கு 6,000 பேசினீர்கள்? எத்தனை பேருக்கு, என்னென்ன, எத்தனை மணிக்கு வந்து எத்தனை மணிக்குப் போனார்? இன்றைக்கு அதெல்லாம் என்ன? உப்பையும் எண்ணெயையும் பிறகு பார்ப்போம். இது தெரியாமல் 10 விழுக்காடா 35 விழுக்காடா என்று பேசுவதில் அர்த்தமில்லை.

மாலதி_மடிப்பாக்கம்:

சேர்ந்தப்ப நாங்க ரெண்டு பேர், பையன் ஒருத்தன். காலையில ஒரு டிஃபன், மதியத்துக்கு ஒரு குழம்பு, ரசம், ஒரு பொரியல். 6.30-க்கு வந்து 8.30-க்குப் போயிடுவாங்க.

2023-ல மாமியார் வந்துட்டாங்க. அவங்களுக்கு பிரஷரும் சர்க்கரையும், அதனால பொரியல்ல பாதியை உப்புக் குறைச்சு தனியா எடுக்கணும், காலையில கஞ்சியோ அடையோ தனி. போன வருஷம் சின்னவ எல்.கே.ஜி போனா, அவளுக்கு ஸ்நாக்ஸ் டப்பா தனி. வாரத்துல ரெண்டு நாள் கிரைண்டர்ல மாவும் அரைச்சு வெச்சுடுவாங்க. இப்ப கிளம்ப 9.15 ஆகுது. வாரம் 6 நாள், அது மாறல.

கவிதா_கண்ணகிநகர்:

அக்கா, நீங்க எழுதுனதை நீங்களே ஒரு தடவ படிச்சுப் பாருங்க. மூணு பேரு அஞ்சு பேரா ஆயிட்டாங்க.

எங்கம்மா அடையாறு பக்கம் நாலு வீட்ல சமைக்கிறாங்க. எங்க வீட்ல சண்டையே இதுதான். சேரும்போது "ரெண்டு பேருக்குத்தாம்மா, சிம்பிள் சமையல்"னு சொல்வாங்க. அப்புறம் "அந்தச் சப்பாத்தியையும் போட்டுடேன்", "கீரைய ஆய்ஞ்சு வெச்சுடேன்". ஒவ்வொண்ணும் அஞ்சு நிமிஷம், பத்து நிமிஷம். அதுக்கெல்லாம் யாரும் காசு பேச மாட்டாங்க, எங்கம்மாவும் கூச்சப்பட்டுக் கேக்காது. மூணாவது வீட்டுக்கு லேட்டாப் போயி அங்க திட்டு வாங்கும்.

அம்பத்தூர்_ரங்கன்:

கவிதா சொன்னதைக் கணக்காகப் போடுகிறேன். மாலதி அம்மா, ஒரு காகிதத்தில் நீங்களும் போட்டுப் பாருங்கள்.

2022-இல் நாளுக்கு 2 மணி நேரம், மாதம் 26 நாள், ஆக 52 மணி நேரம். 6,000-ஐ 52-ஆல் வகுத்தால் மணிக்கு 115 ரூபாய் சொச்சம்.

இன்று நாளுக்கு இரண்டே முக்கால் மணி நேரம். 26 நாளுக்கு எழுபத்தொன்றரை மணி நேரம். 7,000-ஐ வகுத்தால் மணிக்கு 98 ரூபாய்.

இரண்டு முறை சம்பளம் ஏற்றியிருக்கிறீர்கள். ஆனால் மணிக்கு அவர் வாங்குவது 17 ரூபாய் குறைந்திருக்கிறது. 10 விழுக்காடு போட்டு 7,700 கொடுத்தாலும் மணிக்கு 108 ரூபாய்தான் வரும். சேர்ந்த நாளின் கூலியைக்கூட அது எட்டவில்லை.

பத்மா அம்மா சொல்லும் முறையில் ஒரு நல்லது உண்டு. கேட்காமலே வருகிறது, குறித்த நாளில் வருகிறது. வேலை மாறாத வீட்டுக்கு அது சரி. வேலை வளர்ந்த வீட்டில் பழைய சம்பளத்தின் மேல் விழுக்காடு போட்டால், வளர்ந்த வேலை இலவசமாகவே தங்கிவிடும்.

அடுத்தது விலைவாசி. ரிசர்வ் வங்கிக்கு அரசு வைத்திருக்கும் இலக்கே வருஷத்துக்கு 4 விழுக்காடு.  அதையே போடுவோம். 115 ரூபாய், மூன்று வருஷத்தில் ஏறத்தாழ 130 ஆகிறது. எழுபத்தொன்றரை மணி நேரத்துக்கு 9,295.

அவர் கேட்டது 9,500. உங்களுக்குப் பேராசையாகத் தெரிந்த தொகை கணக்கைவிட 205 ரூபாய்தான் கூட. அவர் காகிதம் பென்சில் எடுத்துப் போட்டிருக்க மாட்டார். பக்கத்து வீடுகளில் என்ன கொடுக்கிறார்கள் என்று தெரிந்திருக்கும்.

பத்மா_நங்கநல்லூர்:

மணிக்கணக்கு பார்த்தா சமையல்காரிக்கு எம்.டி சம்பளம்தான் குடுக்கணும். கவர்ன்மென்ட்டே மணிக்கு 37, 39-னுதானே போட்டிருக்கா? அதுக்கு ரெண்டரை மடங்கு குடுத்துண்டிருக்கோம். பஸ்ஸும் லேடீஸுக்கு ஃப்ரீ, மாசம் 1,000 ரூபா உரிமைத்தொகை வேற வர்றது.

அம்பத்தூர்_ரங்கன்:

37 முதல் 39 வரை என்பது 2018-இல் வீட்டு வேலைக்குத் தமிழக அரசு அறிவித்த குறைந்தபட்சக் கூலி. அதற்குக் கீழே போகக் கூடாது என்பதற்கான கோடு அது, இதுதான் சரியான கூலி என்பதற்கானது இல்லை. நாள் முழுக்க ஒரே வீட்டில் எட்டு மணி நேரம் வேலை பார்ப்பவருக்கு அந்த மணிக்கணக்கு ஓரளவு பொருந்தும். காலையில் இரண்டு மணி நேரம் மட்டும் வாங்கிக்கொள்ளும் வீட்டுக்குப் பொருந்தாது. ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு நடக்கும் நேரத்துக்கு யாரும் கூலி தருவதில்லை, அது மணிக்கூலிக்குள்தான் அடங்க வேண்டும்.

கவிதா_கண்ணகிநகர்:

மாமி, ஃப்ரீ பஸ் சாதா டவுன் பஸ்ல மட்டும்தான். காலையில 6.30-க்கு ஒரு வீட்ல நிக்கணும்னா அஞ்சரைக்குக் கிளம்பணும், அந்த நேரத்துக்கு அந்த பஸ் வர்லைன்னா ஷேர் ஆட்டோதான். எங்கம்மா பாதி நாள் ஆட்டோலதான் போகுது.

அப்புறம் அந்த 1,000 கவர்ன்மென்ட் குடுக்கிறது. உங்க வீட்டுக் கேஸுக்கு மானியம் வந்தப்ப உங்க வீட்டுக்காரர் ஆபீஸ்ல சம்பளத்தைக் குறைச்சாங்களா?

சிவா_ஓஎம்ஆர்:

எனக்கும் இதே பிரச்னைதான், ஆனா டிரைவர். இடையில் புகுறதுக்கு மன்னிக்கணும்.

மாசம் 21,000, காலை 9 டு இரவு 8. வந்து ரெண்டு வருஷம் ஆச்சு. இந்த வருஷம் ஏத்த வேண்டாம்னு இருக்கேன். காரணம் ரெண்டு. முதல்ல பெட்ரோலுக்கு லிட்டருக்கு 15 குடுத்துட்டிருந்த வண்டி இப்ப 12 தான் குடுக்குது. ரெண்டாவது, பம்பர்லயும் இடது கதவுலயும் கீறல். ஒழுங்கா ஓட்டாதவருக்கு எதுக்கு இன்க்ரிமென்ட்?

அம்பத்தூர்_ரங்கன்:

சிவா தம்பி, மைலேஜ் குறைந்தால் அதற்கு ஓட்டுநர் ஒருவரே காரணமா? முதலில் கணக்கு எப்படி எடுத்தீர்கள்? வண்டிக்குள் திரையில் காட்டும் எண்ணை நம்பாதீர்கள். டேங்க்கை நிறைத்துக் கிலோமீட்டரைக் குறித்துக்கொண்டு, அடுத்த முறை அதே பங்க்கில் மறுபடி நிறைக்கும்போது எத்தனை லிட்டர் போனது என்று பாருங்கள்.

பிறகு இந்த வருஷம் வண்டி எங்கே ஓடியது என்று பாருங்கள். போன வருஷம் அலுவலகத்துக்கு ஒரே ஓட்டமாகப் போய் வந்த வண்டி இந்த வருஷம் பள்ளிக்கூடம், டியூஷன், காய்கறிக் கடை என்று இரண்டு மூன்று கிலோமீட்டராகச் சுற்றினால் அதுவே போதும். நிறுத்திய வண்டியில் ஏ.சி ஓடிக்கொண்டிருந்தால் மணிக்கு அரை லிட்டருக்கு மேல் போய்விடும். அந்த ஏ.சியை யாருக்காகப் போட்டார் என்பதையும் கேளுங்கள். டயர் காற்று, சர்வீஸ் தேதி இரண்டும் உங்கள் பொறுப்பு.

கீறலுக்கும் அப்படித்தான். எந்த இடத்தில், யார் சொன்ன இடத்தில் நிறுத்தியபோது நடந்தது? அவரே வந்து அன்றைக்கே சொன்னாரா, நீங்கள் கழுவும்போது பார்த்தீர்களா? சென்னையில் ரெண்டு வருஷம் ஓடிய வண்டியில் ரெண்டு கீறல் பெரிய குற்றமில்லை. மறைத்திருந்தால் அது வேறு விஷயம், அதை நானும் கணக்கில் எடுத்துக்கொள்வேன்.

நீங்கள் சொல்லாத ஒன்று இருக்கிறது. இரவு 8-க்கு மேல் எத்தனை நாள் நின்றார்?

சிவா_ஓஎம்ஆர்:

8-க்கு மேல நின்னா மணிக்கு 100 குடுத்துடுறோம் சார். அதுல குறை வெச்சதில்ல. ஏ.சி விஷயம் நீங்க சொன்னது ஓரளவு சரிதான், அப்பாவை டயாலிசிஸுக்குக் கூட்டிட்டுப் போறாரு, அம்மா வண்டியிலயே உட்கார்ந்திருப்பாங்க. ஆனா 3 கிலோமீட்டர் குறையற அளவுக்கா?

அம்பத்தூர்_ரங்கன்:

ஒரு டேங்க் நீங்களே ஓட்டிப் பாருங்கள். அதே பள்ளிக்கூடம், அதே மருத்துவமனை, அதே நேரம். அதைவிட நல்ல அளவுகோல் கிடையாது. டிராஃபிக் அபராதம் ஏதாவது வந்திருந்தால் அதையும் பிரித்துப் பாருங்கள்: சிக்னல் தாண்டியது, வேகமாகப் போனது அவர் கணக்கு. புகைச் சான்றிதழ் காலாவதி என்றால் உங்கள் கணக்கு.

ஓ.டி கொடுப்பது நல்லது. மாதாமாதம் பத்து நாளுக்கு மேல் ஓ.டி வருகிறதென்றால் வேலை நேரமே 9 டு 8 இல்லை என்று அர்த்தம். அப்போது அடிப்படைச் சம்பளத்தையே திருத்திப் பேச வேண்டும்.

மாலதி_மடிப்பாக்கம்:

ரங்கன் சார், கணக்கு புரிஞ்சுது. வீட்டுக்காரர்கிட்ட காட்டினேன், அவர் கால்குலேட்டர்ல ரெண்டு தடவ போட்டுப் பார்த்துட்டு ஒண்ணும் சொல்லல. ஆனா லீவு, உப்பு, எண்ணெய் இதெல்லாம் எங்க போகும்? குறையே இல்லாத ஆளுக்கும் இவங்களுக்கும் ஒரே 9,295-ஆ?

அம்பத்தூர்_ரங்கன்:

நியாயமான கேள்வி. இதுவரை பார்த்தது வேலையின் விலை. எப்படிச் செய்கிறார் என்பது அதற்குப் பிறகு, அது சிறிய தொகையாகத்தான் இருக்கும்.

அதற்கு ஒரு விதி வைத்திருக்கிறேன். வருஷத்தில் அந்தந்த வாரமே அவரிடம் சொல்லாத குறையை வருஷக் கடைசியில் கழிக்கக் கூடாது. உப்பு சரியில்லை என்று எத்தனை முறை, யார் சொன்னீர்கள்? நீங்கள் ஒன்று, மாமியார் ஒன்று, கணவர் ஒன்று சொன்னால் அது அவர் கைக்குறை இல்லை. ஒரே அடுப்படியில் மூன்று முதலாளி.

லீவை வெறும் 31 என்று வைக்காதீர்கள். பிரித்துப் பாருங்கள்.

கவிதா_கண்ணகிநகர்:

ஆமா, அதைச் சொல்ல மறந்துட்டேன். ஒரு வீட்ல எங்கம்மா 500 ஏத்திக் கேட்டப்ப, எட்டு மாசம் முன்னாடி மிக்ஸி ஜார் ஒடைஞ்சதை அன்னிக்குத்தான் எடுத்தாங்க. அப்ப "பரவால்லமா"ன்னு சொன்னவங்க. அதோட எங்கம்மா எங்க போனாலும் உடைஞ்ச கரண்டியக்கூட காட்டிட்டுத்தான் வரும், அந்த வீட்ல மட்டும் வாயத் திறக்காது.

மாலதி_மடிப்பாக்கம்:

மாசக் காலண்டர்ல எக்ஸ் போட்டு வெப்பேன், அதை எடுத்துப் பிரிச்சேன். 31-ல 8 நாள் நாங்க கோயம்புத்தூர் போனப்ப, வர வேணாம்னு நாங்களே சொன்னது. 3 நாள் ஃபெஞ்சல் புயல் சமயத்துல. முதல் நாளே சொல்லிட்டு எடுத்தது 15. சொல்லாம வராதது 5, அதுல ரெண்டு நாள் போனும் எடுக்கல. அந்த ரெண்டு நாளும் பசங்க பிரெட் எடுத்துட்டுப் போனாங்க.

எண்ணெய் பத்தி மாமியார்கிட்ட கேட்டேன். சாயங்காலம் அப்பளம், வடகம், ஞாயித்துக்கிழமை பஜ்ஜி எல்லாம் அதே டின்தான். அஞ்சு பேருக்கு 4 லிட்டர்ல அக்கா பங்கு எவ்வளவுன்னு யாருக்குமே தெரியாது. அதை விட்டுட்டேன்.

அம்பத்தூர்_ரங்கன்:

பார்த்தீர்களா. 31 என்றால் ஒழுங்கில்லாதவர். 15 என்றால் மாதத்துக்கு ஒன்றே கால் நாள், அதுவும் சொல்லிவிட்டு. பேச வேண்டியது அந்த 5 நாளைப் பற்றி மட்டும்தான். அதைச் சம்பளத்தில் கழிப்பதைவிட, "வர முடியாவிட்டால் 6 மணிக்குள் ஒரு மிஸ்டு கால்" என்று பேசி வையுங்கள், அடுத்த வருஷம் அதைப் பார்த்துக்கொள்ளலாம்.

நல்ல வேலைக்குத் தனியாகக் கொடுப்பதை நான் மாதச் சம்பளத்தில் சேர்க்க மாட்டேன். தீபாவளி போனஸோடு சேர்த்துக் கொடுப்பேன். ஒரு வருஷம் நன்றாகச் செய்ததற்கு அந்த வருஷம் கொடுப்பதுதான் முறை. சம்பளத்தில் ஏற்றினால் எடுக்க முடியாது.

கவிதா_கண்ணகிநகர்:

ரங்கன் சார், மத்ததெல்லாம் ஒத்துக்கிறேன், இது ஒத்துக்க மாட்டேன். தீபாவளிக்கு வர்ற காசு துணி, பலகாரம், வட்டின்னு ஒரே நாள்ல போயிடும். வீட்டு வாடகை மாசம் மாசம் குடுக்கணும். குழு லோன் எடுக்கப் போனா "மாசம் எவ்ளோ வருது"ன்னுதான் கேக்கிறாங்க, தீபாவளிக்கு எவ்ளோன்னு கேக்க மாட்டாங்க. 200 ரூபான்னாலும் மாசத்துல ஏத்துங்க.

அம்பத்தூர்_ரங்கன்:

நீ வாங்குகிறவர் பக்கத்திலிருந்து பார்க்கிறாய், நான் கொடுக்கிறவர் பக்கத்திலிருந்து. இதில் நாம் ஒத்துப்போக மாட்டோம், போகட்டும்.

ஆனந்தி_திருச்சி:

அட்வான்ஸைப் பத்தி யாரும் பேசலையே. 20,000-ஐ வட்டியில்லாம குடுத்திருக்காங்க. வெளியில வாங்கினா நூத்துக்கு ரெண்டு வட்டின்னாலும் முதல் மாசமே 400. அதுவும் ஒரு சலுகைதானே? ஏத்துறதுல அதைக் கழிச்சுக்கலாம்.

அம்பத்தூர்_ரங்கன்:

கூடாது என்பது என் கருத்து. சம்பளம் வேலைக்கு, அட்வான்ஸ் உறவுக்கு. ரெண்டையும் முடிச்சுப் போட்டால், அடுத்த முறை அவசரத்துக்கு உங்களிடம் வர மாட்டார், கந்துவட்டிக்குப் போவார். இன்னொன்று, சம்பளம் ஏறியதே என்று மாதம் பிடிப்பதை 1,000-லிருந்து 2,000 ஆக்காதீர்கள். கையில் வருவது ஏறாத சம்பள உயர்வு உயர்வே இல்லை.

ஆனந்தி_திருச்சி:

உறவுன்னு நீங்க சொல்றீங்க. எங்க வீட்டு டிரைவர் 30,000 வாங்கிட்டு மூணாவது மாசம் போனை அணைச்சுட்டுப் போயிட்டார். அதுக்கப்புறம் எனக்கு எல்லாமே கணக்குதான்.

மாலதி_மடிப்பாக்கம்:

அட்வான்ஸை நான் கலக்கல, அப்படியே விட்டுட்டேன். எனக்கு இன்னொரு சந்தேகம். 2,300 ஏத்துறதுக்குப் பதிலா வேலையைக் குறைச்சா? கடையில மாவு பாக்கெட் கிடைக்குது. மாவு அரைக்கிறதை எடுத்துட்டா?

அம்பத்தூர்_ரங்கன்:

தாராளமாக. அரைத்து, கல் கழுவி, எடுத்து வைக்க ஒரு முறைக்கு அரை மணி நேரம் என்றால் மாதம் நாலு மணி நேரத்துக்கு மேல் மிச்சம். மணிக்கு 130 வீதம் 500 ரூபாய் சொச்சம் குறையும், 8,800 அளவில் நிற்கும். மாவு பாக்கெட்டுக்கு மாதம் என்ன ஆகும் என்று நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் அதை நீங்களாக முடிவு செய்துவிட்டு அவரிடம் அறிவிக்காதீர்கள். உட்கார வைத்து, "சேர்ந்தப்ப என்ன வேலை, இப்ப என்ன வேலை, நீங்களே சொல்லுங்க" என்று கேளுங்கள். அவர் சொல்லும் பட்டியலில் உங்களுக்குத் தெரியாதது ஒன்றாவது இருக்கும். 9.15-க்கு வாசலில் வைத்துப் பேச வேண்டாம், அடுத்த வீட்டுக்கு ஓடுகிற நேரம் அது. லீவு நாளில் அரை மணி நேரம் வரச் சொல்லுங்கள், அல்லது போனில் பேசுங்கள்.

சிவா_ஓஎம்ஆர்:

நான் ஒரு டேங்க் ஓட்டிட்டேன். அதே ரூட், அதே நேரம். 12.6 வந்துச்சு. டயர்ல காத்து வேற 6 பாயின்ட் கம்மியா இருந்துச்சு.

கீறல் ரெண்டுல ஒண்ணு அன்னிக்கே என் வைஃப்கிட்ட சொல்லியிருக்காரு. இன்னொண்ணைப் பத்திக் கேட்டா "தெரியலை சார்"ங்கிறாரு. அதை எப்படி எடுத்துக்கிறதுன்னு எனக்கும் தெரியல. 1,000 ஏத்தலாம்னு இருக்கேன். வைஃப் 2,000-ங்கிறா.

கவிதா_கண்ணகிநகர்:

டயாலிசிஸ் வாரத்துக்கு ரெண்டு மூணு நாள் இருக்கும்ல அண்ணா? அப்பாவைக் கைப்பிடிச்சு ஏத்தி இறக்குறது யாரு?

சிவா_ஓஎம்ஆர்:

அவர்தான். வீல்சேர் அவர்தான் தள்ளுவாரு. வாரம் மூணு நாள்.

அம்பத்தூர்_ரங்கன்:

அது ஓட்டுநர் வேலையில் சேர்ந்ததில்லை, சிவா. சேர்ந்தபோது பேசினீர்களா? உங்கள் வீட்டுக்காரம்மா சொல்லும் தொகையே சரியான பக்கத்தில் இருக்கிறது.

மாலதி_மடிப்பாக்கம்:

பேசிட்டேன். ஞாயித்துக்கிழமை அக்கா சர்ச்சுக்குப் போயிட்டு வர்ற வழியில வந்தாங்க. ரங்கன் சார் சொன்ன மாதிரி பட்டியல் கேட்டேன். மாவு, மாமியார் சமையல், ஸ்நாக்ஸ் டப்பா எல்லாம் சொன்னாங்க. அதுக்கு மேல ஒண்ணு: பாத்திரம் தேய்க்கிற பொண்ணு இப்ப 10 மணிக்குத்தான் வர்றதால, முதல் நாள் குக்கரையும் டப்பாக்களையும் இவங்க கழுவிட்டுத்தான் சமைக்க ஆரம்பிக்கிறாங்க. தினம் கால் மணி நேரம். நான் 7 மணிக்குத்தான் அடுப்படிக்கு வருவேன், அதனால பார்த்ததே இல்லை.

மாவை எடுத்துடலாமான்னு கேட்டேன். "அதை எடுத்தா காசும் குறையுமா? அப்ப மாவை நான் அரைக்கிறேன், குக்கர் தேய்க்கிறதை எடுத்துடு, அதுல நகமெல்லாம் போகுது"ன்னாங்க. இன்னொரு குக்கரும் ரெண்டு டப்பாவும் வாங்கி வெச்சுட்டேன்.

உப்பைப் பத்தி: மாமியார் பங்கு தனியா எடுத்ததும் மத்தவங்களுக்கு உப்புப் போட்டு நான் ருசி பார்த்துச் சொல்றதுன்னு பேசியிருக்கோம். அந்த 5 நாளைச் சொன்னேன். ரெண்டு நாள் போன்ல சார்ஜ் இல்லைன்னாங்க, நம்பினேனா இல்லையான்னு எனக்கே தெரியல. 6 மணிக்குள்ள மிஸ்டு கால்னு முடிவு.

குக்கர் போனதால நேரம் கொஞ்சம் குறையும், அதனால 9,000-னு ஆரம்பிச்சேன், 9,200-ல முடிஞ்சுது. ஜூன்லேர்ந்தே. பிடிக்கிறது அதே 1,000. வீட்டுக்காரர் இன்னமும் அதிகம்ங்கிறார்.

பத்மா_நங்கநல்லூர்:

அதிகம்தான். நீங்க 9,200 குடுத்தா உங்க ஃபிளாட்ல மத்த பன்னெண்டு வீட்டுக்கும் தலைவலி. எங்க அசோசியேஷன் குரூப்ல யாரும் தனியா ஏத்தக் கூடாதுன்னு பேசி வெச்சிருக்கோம்.

கவிதா_கண்ணகிநகர்:

அதனாலதான் மாமி உங்க பக்கம் ஆள் நிக்க மாட்டேங்குது.

மாலதி_மடிப்பாக்கம்:

ஒரே ஒரு கேள்வி மிச்சம் இருக்கு. மே மாசம் நாங்க 20 நாள் ஊருக்குப் போயிடுறோம். இதுவரைக்கும் பாதிச் சம்பளம்தான் குடுத்தோம். அந்த மாசத்துக்கு என்ன பண்றீங்க எல்லாரும்?

அம்பத்தூர்_ரங்கன்:

முழுச் சம்பளம். வராதே என்று சொன்னது நீங்கள்.

ஆனந்தி_திருச்சி:

நாங்க பாதிதான் குடுக்கிறோம், அவங்களும் அந்த 20 நாள் கல்யாண மண்டபத்துல சமைக்கப் போயிடுறாங்க. முழுசாக் குடுத்தா ரெண்டு பக்கமும் வாங்குற மாதிரி ஆகாதா?

கவிதா_கண்ணகிநகர்:

மே மாசத்துல எல்லா வீட்டுக்கும் எப்படிக்கா மண்டபம் கிடைக்கும்? எங்கம்மாவுக்கு நாலு வீட்ல மூணு வீடு ஊருக்குப் போயிடும். போன மே-ல கையில வந்தது 11,000. வாடகையே 5,500.